பெரிய எடிட்டிங் வேலையில் ஃபோல்டர், பின், ஃபைல் பெயர்: கேள்வி பதில்

மூன்று நான்கு எடிட்டர்கள் ஒரே சர்வரில் உட்கார்ந்து பல மாதம் வெட்டும் ஆவணப்படம், தொடர் மாதிரி வேலைகளை மனதில் வைத்துப் பதில் சொல்கிறேன். ஒரு நிமிட விளம்பரத்துக்கு இவ்வளவு தேவைப்படாது.

புது உதவியாளர்: ஃபோல்டரை இழுத்து ப்ராஜெக்டில் போட்டால் அதே பெயரில் பின் தானாகவே வந்துவிடுகிறது. அப்புறம் ஏன் அக்கா இரண்டையும் தனித்தனியாக யோசிக்க வேண்டும்?

டிஸ்க்கில் இருக்கிற ஃபோல்டர், ஒரு ஷாட் எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டும். எந்த நாள், எந்த கேமரா, எந்த கார்டு என்பது நடந்து முடிந்த விஷயம், இனி மாறாது. ப்ராஜெக்டுக்குள் ஷாட்களைப் பிரித்து வைக்கும் பின், அந்த ஷாட் எதற்குப் பயன்படும் என்று சொல்ல வேண்டும். அது வாரத்துக்கு ஒருமுறை மாறும். நான்காம் நாள் எடுத்த ஒரு பேட்டியை முதலில் "பள்ளி" என்ற பின்னில் வைப்பீர்கள். இயக்குநர் பார்த்துவிட்டு, படமே இவரில்தான் தொடங்குகிறது என்பார். உடனே அது "தொடக்கம்" பின்னுக்குப் போகும். இழுத்துப் போட்டால் முடிந்தது, யாருக்கும் பாதிப்பில்லை. அதே பிரிவை டிஸ்க்கில் செய்து வைத்திருந்து, யாரோ ஒருவர் ஃபைலை ஒரு ஃபோல்டரிலிருந்து இன்னொன்றுக்கு நகர்த்தினால், எல்லோருடைய டைம்லைனிலும் அந்த ஷாட் சிவப்பாகிவிடும்.

அதனால் டிஸ்க்கில் கதைப் பெயரே வேண்டாம். நான் வைப்பது இப்படி:

```
01_FOOTAGE/
   2025-02-18_D04/
      CAM_A/A011/
      CAM_B/B009/
      SOUND/S004/
02_PROXY/
03_GFX/
04_PROJECT/
05_EXPORT/
```

தேதியை ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் எழுதினால்தான் அகர வரிசையும் கால வரிசையும் ஒன்றாக வரும். கார்டு எண் நாளுக்கு நாள் ஒன்றிலிருந்து தொடங்கக் கூடாது. படப்பிடிப்பு முடியும் வரை A001, A002 என்று ஓடிக்கொண்டே இருக்கட்டும். அப்போதுதான் A011 என்று சொன்னால் உலகத்தில் ஒரே ஒரு கார்டு. கார்டுக்குள் இருப்பதை அப்படியே முழுதாகக் காப்பி செய்யுங்கள். வீடியோ ஃபைலை மட்டும் பொறுக்கி எடுக்காதீர்கள். கூட இருக்கும் XML மாதிரி சின்ன ஃபைல்களில் டைம்கோடு, கேமரா விவரம் எல்லாம் இருக்கலாம்.

கட்டிங் டேபிள்: ஹார்டு டிஸ்க் மாற்றினோம். ரீலிங்க் செய்ததும் எல்லாம் பச்சையாக வந்தது, ஒரு எர்ரரும் இல்லை. ஆனால் டைம்லைனில் சில இடத்தில் சம்பந்தமே இல்லாத ஷாட் ஓடுகிறது. ப்ராஜெக்ட் கரப்ட் ஆகிவிட்டதா?

ப்ராஜெக்ட் நன்றாகவே இருக்கிறது. உங்கள் கேமரா ஒவ்வொரு கார்டிலும் C0001.MP4 என்று முதலிலிருந்து எண்ணத் தொடங்குகிறது என்று நினைக்கிறேன். அப்படியானால் A003 கார்டிலும் ஒரு C0007.MP4, A011 கார்டிலும் ஒரு C0007.MP4. ரீலிங்க் செய்யும்போது மென்பொருள் பெயரைப் பார்த்து முதலில் கண்ணில் பட்டதைப் பிடித்துக்கொண்டது. தப்பான ஃபைல் அசலைவிட நீளமாக இருந்தால் எந்த எச்சரிக்கையும் வராது. குட்டையாக இருந்தால்தான் கிளிப்பின் கடைசியில் மீடியா இல்லாத பகுதி தெரியும். அப்படி ஒன்றைப் பார்த்தால், பக்கத்தில் இன்னும் சில கிளிப்கள் சத்தமில்லாமல் தப்பாகியிருக்கும் என்று சந்தேகப்படுங்கள்.

சரிபார்க்க, பின்னை லிஸ்ட் வியூவில் வைத்து, ஃபைல் பாதை காட்டும் நெடுவரிசையைத் திறந்து அதன்படி வரிசைப்படுத்துங்கள். A003 பின்னில் இருக்கும் கிளிப், A011 பாதையைக் காட்டினால் ஆள் கிடைத்துவிட்டது. அதை மறுபடி ஆஃப்லைன் ஆக்குங்கள். பிரீமியர் என்றால் ரீலிங்க் பெட்டியில் பெயரோடு Media Start என்பதையும் டிக் செய்யுங்கள். மற்றவற்றைத் தானாக இணைக்கும் டிக்கை எடுத்துவிட்டு, கார்டு கார்டாகச் செய்யுங்கள். கேமராவில் டைம்கோடு கடிகார நேரப்படி ஓடியிருந்தால் இது நன்றாக வேலை செய்யும். ஒவ்வொரு கிளிப்பும் பூஜ்யத்தில் தொடங்கியிருந்தால் இந்த டிக்கால் பயன் இல்லை, கண்ணால்தான் பார்க்க வேண்டும்.

ஒளிப்பதிவு: இதற்குத்தான் நாங்கள் எல்லா ஃபைலையும் ரீநேம் செய்துவிடுகிறோம். Teacher_Interview_Good.mp4 என்று இருந்தால் குழப்பமே வராதே!

பாதி சரி. பெயர் தனித்துவமாக இருக்க வேண்டும் என்பது சரி. ஆனால் "Good" என்பது உங்கள் கருத்து, நாளைக்கே மாறும். அந்த விளக்கத்தைப் பின்னுக்குள் கிளிப் பெயரில் எழுதுங்கள். அங்கே எத்தனை முறை மாற்றினாலும் டிஸ்க்கில் இருக்கும் ஃபைல் பெயர் அசையாது.

டிஸ்க்கில் பெயர் மாற்றியே ஆக வேண்டும் என்றால், முன்னால் கார்டு எண்ணை மட்டும் சேருங்கள்: A011_C0007.MP4. அதுவும் முதல் இம்போர்ட்டுக்கும் ப்ராக்ஸி போடுவதற்கும் முன்னால், ஒரே மூச்சில், ஒரே ஆள் செய்ய வேண்டும். பெயர் மாற்றாத முழு கார்டின் காப்பி ஒன்று தனியாக இருக்க வேண்டும். இதை விடச் சிறந்தது படப்பிடிப்புக்கு முன்பே கேமராவில் சரி செய்வது. நிறைய கேமராக்களில் கார்டு மாறினாலும் எண் தொடர்ந்து ஓடவும், ஃபைல் பெயருக்கு முன்னால் ஒரு எழுத்துக்கூட்டம் சேர்க்கவும் அமைப்பு இருக்கிறது. உங்கள் கையில் கேமரா இருக்கிறது, அந்த மெனுவைத் திறந்து பாருங்கள்.

ஒளிப்பதிவு: பல வருஷமாக ரீநேம் செய்கிறோம், ஒரு பிரச்சினையும் வந்ததில்லை.

ஒரே கிளிப் பல ஃபைலாக உடையாத கேமராவில் வராமல் இருக்கலாம். நீண்ட ஷாட்டைத் துண்டு துண்டாக எழுதும் கேமராக்களில் துண்டுகள் ஒன்றையொன்று பெரும்பாலும் பெயரை வைத்துத்தான் கண்டுபிடிக்கின்றன. எனக்கு ரீநேம் பிடிக்காது. நல்ல உதவி எடிட்டர்கள் பலர் கண்டிப்பாகச் செய்ய வேண்டும் என்பார்கள். ஒரு குழு ஏதாவது ஒன்றை முடிவு செய்து கடைசி வரை அதையே செய்தால் எனக்குச் சண்டையில்லை.

சவுண்டு ரூம்: எங்கள் பக்கத்துக் கதை. எடிட்டிங்கிலிருந்து டைம்லைனை எங்களுக்குக் கொடுக்கும் AAF ஃபைல் வந்தது, உள்ளே ஆடியோ எல்லாம் sync_01.wav, sync_02.wav என்று இருக்கிறது. லொகேஷனில் தனித்தனி மைக்கில் பதிவான ட்ராக்குகளை எதோடும் பொருத்த முடியவில்லை. ஒவ்வொரு வசனமாகக் காதால் தேடினோம்.

இதை எடிட்டர்கள் எல்லோரும் படிக்க வேண்டும். லொகேஷன் ரெக்கார்டர் எழுதும் வேவ் ஃபைலுக்குள் டைம்கோடு, சீன், டேக் விவரம் எல்லாம் இருக்கும். அதை வேறு மென்பொருளில் திறந்து "சுத்தம் செய்து" சேமித்தால் அந்த விவரம் பல நேரம் போய்விடும். அசல் ஃபைலை அசல் பெயரிலேயே S004 ஃபோல்டரில் விட்டு, எடிட்டிங் மென்பொருளுக்குள்ளேயே சிங்க் செய்யுங்கள். முதல் வாரமே இரண்டு நிமிடம் வெட்டி, ஒரு AAF எடுத்து சவுண்டு ரூமுக்கு அனுப்புங்கள். பொருந்துகிறதா என்று அப்போதே தெரிந்துவிடும்.

தமிழ் டைப்பிஸ்ட்: இப்போது எல்லா மென்பொருளும் யூனிகோடு. ஃபைல் பெயரைத் தமிழிலேயே வைத்தால் என்ன?

திறக்கும், ஓடும், அது உண்மை. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. "கொ" என்பதில் வரும் உயிர்க்குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், "ெ", "ா" என்று இரண்டு குறியீடாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். மேக், விண்டோஸ், சர்வர் என்று ஃபைல் பயணப்படும்போது சில இடங்களில் ஒன்று மற்றொன்றாக மாறும். பிறகு ஒரே பெயரில் இரண்டு ஃபைல் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும், அல்லது கண்ணெதிரே இருக்கும் ஃபைலை மென்பொருள் காணவில்லை என்று சொல்லும். கட்களைப் பட்டியலாக எழுதும் EDL மாதிரி பழைய வடிவங்களில் ஆங்கில எழுத்தைத் தவிர எதையும் நம்ப முடியாது. டிஸ்க்கில் ஆங்கில எழுத்து, எண், அடிக்கோடு மட்டும் போதும். பின் பெயர், கிளிப் குறிப்பு, மார்க்கர் இவற்றில் தாராளமாகத் தமிழில் எழுதுங்கள், நானும் அப்படித்தான் எழுதுகிறேன்.

ரீல் 2: மூன்று எடிட்டர்கள். ஒருவர் பின்னைத் திறந்தால் மற்றவருக்குப் பூட்டு விழுகிறது. பூட்டை எப்படி அணைப்பது?

அணைக்க வேண்டாம், அதுதான் ஒருவர் வேலை மேல் இன்னொருவர் எழுதாமல் காப்பாற்றுகிறது. அவிட், ரிசால்வ் இரண்டிலும் பின் அளவில் பூட்டு விழும். பிரீமியர் ப்ரொடக்‌ஷன்ஸில் ப்ராஜெக்ட் ஃபைல் அளவில். அதனால் பூட்டு எங்கே விழுகிறதோ அந்த அளவுக்குச் சின்னதாக உடையுங்கள். "டைம்லைன்கள்" என்று ஒரே பின்னில் எல்லா ரீலும் கிடந்தால் ஒருவர் வேலை செய்ய இருவர் காத்திருப்பார்கள். R1_CUT, R2_CUT, R3_CUT என்று ரீலுக்கு ஒன்று வையுங்கள். உள்ளே நடப்பு டைம்லைன் ஒன்றே ஒன்று இருக்கட்டும்: R2_CUT_v014. காலையில் தொடங்கும்போது டூப்ளிகேட் செய்து v015 ஆக்கி, பழையதை R2_OLD பின்னுக்குத் தள்ளுங்கள். "ஃபைனல்" என்ற வார்த்தை எந்தப் பெயரிலும் வேண்டாம்; எண் பெரியது எதுவோ அதுதான் புதியது. ஃபுட்டேஜ் பின்களை எல்லோரும் பார்க்கலாம், ஆனால் எழுதுவது உதவி எடிட்டர் மட்டும்.

கிராபிக்ஸ்: டைட்டிலைத் திருத்தி அனுப்பும்போது அதே பெயரில் மேலெழுதவா, v002 என்று புதிதாக அனுப்பவா?

இதற்கு ஒரே பதில் என்னிடம் இல்லை. மேலெழுதினால் எல்லா டைம்லைனிலும் உடனே மாறிவிடும், வசதி. ஆனால் நேற்று ஒப்புதல் வாங்கிய கட்டிலும் மாறிவிடும், பழையதைத் திரும்பக் காட்ட வழியில்லை. எழுத்துப் பிழைத் திருத்தம் என்றால் மேலெழுதுவேன். நீளமோ வடிவமைப்போ மாறினால் புது எண் கேட்பேன். உங்கள் எடிட்டரிடம் முதலிலேயே பேசிவிடுங்கள்.

பாதி வழியில்: இதையெல்லாம் முன்பே படித்திருக்க வேண்டும். பாதிப் படம் வெட்டியாகிவிட்டது, டிஸ்க்கில் எல்லாம் கலந்து கிடக்கிறது. இப்போது அடுக்கலாமா?

உள்ளே அடுக்காதீர்கள். 01_FOOTAGE முழுவதையும் வேறு டிஸ்க்குக்கு நகர்த்துவது பெரிய ஆபத்தில்லை. உள் அமைப்பு அப்படியே இருந்தால் ஒரு ஃபைலைக் காட்டினால் மற்றவை பெரும்பாலும் தானாக இணைந்துவிடும். உள்ளே ஃபோல்டர்களைக் கலைத்துப்போட்டால்தான் அந்த உதவி கிடைக்காமல் போகும். ஏற்கெனவே லிங்க் ஆனது அப்படியே கிடக்கட்டும். இனி வரும் கார்டுகளைப் புது முறையில் வையுங்கள். ஒழுங்கையெல்லாம் பின்களில் கொண்டுவாருங்கள், அங்கே எதை நகர்த்தினாலும் லிங்க் அறுவதில்லை.

இன்னொன்று, எல்லா மெஷினிலும் சர்வர் ஒரே பெயரில் இருக்கிறதா பாருங்கள். விண்டோஸில் ஒருவருக்கு P:, இன்னொருவருக்கு Z: என்றால் பாதை ஒத்துப்போகாது. மேக்கில் சில நேரம் அதே சர்வர் /Volumes/PROJECT-1 என்று இரண்டாவதாக ஏறிக்கொள்ளும், அப்போது நல்ல ஃபைல்கூட ஆஃப்லைன் காட்டும். ரீலிங்க் பொத்தானைத் தொடாமல், சர்வரை இறக்கி மறுபடி ஏற்றுங்கள்.