மூன்றாம் நாள் வீட்டுக்குப் போகும்போது: கேள்வி பதில்

மலைக்கிராமத்தில் புதிதாகச் சேர்ந்த ஆஷா சுகாதாரப் பணியாளர் நான். குழந்தை பிறந்த 3ஆம் நாள், 7ஆம் நாள் வீட்டுக்குப் போகச் சொல்கிறார்கள். வீட்டுக்குள் போனதும் எதை முதலில் பார்ப்பது, அக்கா?

கையைச் சோப்புப் போட்டுக் கழுவியதும் மூச்சை எண்ணுங்கள், மற்றதெல்லாம் அப்புறம். குழந்தை தூங்கிக்கொண்டிருந்தால் எழுப்பாமல், வயிறு தெரியும் அளவுக்குத் துணியை விலக்கினால் போதும். தராசில் போட்டால் வீறிட்டு அழும், அதன்பின் எண்ணுவது வீண். அடுத்து அக்குளில் தெர்மாமீட்டர். எடை கடைசியில். வீட்டில் நடந்த பிரசவமாக இருந்தால் முதல் நாளே போக வேண்டும்.

அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்கினால் போதாதா? நாடிக்கு அப்படித்தானே சொல்லிக் கொடுத்தார்கள்?

நாடிக்குச் சரி. பச்சைக்குழந்தை வேகமாகச் சில மூச்சு விட்டுவிட்டு ஐந்தாறு விநாடி சும்மா இருக்கும். அந்த இடைவெளி எந்த அரை நிமிடத்தில் விழுகிறதோ, அதற்கேற்பக் கணக்கு மாறிவிடும். அதனால் முழு நிமிடம் எண்ணுங்கள். 60 அல்லது அதற்கு மேல் வந்தால் மறுபடி எண்ணுங்கள். அப்போதும் அப்படியே இருந்தால் ஆஸ்பத்திரிதான். மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே நன்றாகக் குழி விழுந்தால் எண்ணிக்கையைப் பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள்.

எங்கள் குழந்தை பிறந்தபோது 2.8 கிலோ, மூன்றாம் நாள் 2.6. பால் போதவில்லை என்று மாமியார் பவுடர் பால் வாங்கிவிட்டார். சரிதானா, மேடம்?

200 கிராம் என்றால் ஏழு சதவீதம். முதல் வாரத்தில் பத்து சதவீதம் வரை இறங்குவது வழக்கம்தான், டப்பாவைத் திறக்காதீர்கள். ஆனால் ஆஷா அக்காவை ஒருமுறை பால் கொடுப்பதைப் பார்க்கச் சொல்லுங்கள்.

நான் பயப்படுவது வேறு மாதிரி குழந்தைக்கு. ஒரு வீட்டில், "சமர்த்து, அஞ்சு மணி நேரமா தூங்குறான்" என்றார் பாட்டி. பிறந்தபோது 2.5, அன்று 2.2. பன்னிரண்டு சதவீதம் போயிருந்தது. உள்ளங்காலைச் சுண்டினேன், முனகினான், கண் திறக்கவில்லை. அக்குளில் 96.2 டிகிரி ஃபாரன்ஹீட்; 97.7க்குக் கீழே போகக்கூடாது. துணியைக் கழற்றி அம்மாவின் மார்போடு ஒட்டவைத்து, மேலே போர்த்தி, 108க்குச் சொன்னேன். வண்டியிலும் அப்படியே போனார்கள்.

நான் ஸ்டாஃப் நர்ஸ். ஆஸ்பத்திரித் தராசும் ஆஷாவின் தொங்கு தராசும் ஒத்துவராதே, அந்தச் சதவீதத்தை எப்படி நம்புவது?

நியாயமான கேள்வி, எனக்கும் முழுப் பதில் இல்லை. தூளித்துணியை மட்டும் மாட்டி முள்ளைப் பூஜ்யத்தில் வைத்துவிட்டுத்தான் குழந்தையைப் போடுவேன். சந்தேகம் வந்தால் ஒன்றுக்குப் போவதையும் பால் குடிப்பதையும் வைத்து முடிவெடுப்பேன்.

குழந்தையின் மஞ்சள் காமாலைக்குக் காலை வெயில் காட்டினால் போதும் என்று எங்கள் டாக்டரே சொன்னாரே?

அவர் குழந்தையை நேரில் பார்த்துச் சொல்லியிருப்பார். நான் வெயிலை வைத்தியமாகச் சொல்வதில்லை. வாசல் வெளிச்சத்தில் உள்ளங்கையையும் உள்ளங்காலையும் அழுத்திப் பாருங்கள். விரலை எடுத்ததும் அங்கே மஞ்சள் தெரிந்தாலோ, பிறந்த முதல் நாளிலேயே மஞ்சள் வந்தாலோ அன்றைக்கே கிளம்ப வேண்டும்.