இடைநிலை வாக்காளர் தேற்றம்: எப்போது பலிக்கும், எப்போது பலிக்காது?

"இடைநிலை வாக்காளர்தான் ஜெயிப்பார் என்று பாடத்தில் வருகிறது. ஏன்? எப்போதும் அப்படியா?"

ஓர் அறையில் ஐந்து பேர். ஏசியை எத்தனை டிகிரியில் வைப்பது என்று வாக்கெடுப்பு. அவர்கள் விரும்புவது 18, 20, 22, 27, 28. வரிசையின் நடுவில் இருப்பவர்தான் இடைநிலை வாக்காளர்; அவர் கேட்பது 22. யாராவது 25 என்று முன்மொழிந்தால் 18, 20, 22 மூவரும் எதிர்ப்பார்கள். 20 என்றால் 22, 27, 28 மூவரும் எதிர்ப்பார்கள். இரண்டிரண்டாக எதனோடு மோதவிட்டாலும் 22-க்குப் பெரும்பான்மை உண்டு. பொருளாதார அறிஞர் டங்கன் பிளாக் 1948-இல் சொன்னதன் சாரம் இதுதான்.

ஆனால் இதற்கு எல்லோரும் வாக்களிக்க வேண்டும், பிரச்சினை ஒரே அளவுகோலில் அடங்க வேண்டும். முக்கியமாக, ஒவ்வொருவருக்கும் ஓர் உச்ச விருப்பம் இருந்து, அதிலிருந்து எந்தப் பக்கம் விலகினாலும் திருப்தி குறைந்துகொண்டே போக வேண்டும்.

இந்தக் கடைசி நிபந்தனைதான் அடிக்கடி உடைகிறது. அரசுப் பள்ளிச் செலவை எடுத்துக்கொள்ளுங்கள். முதலாமவரின் வரிசை: அதிகம், நடுத்தரம், குறைவு. இரண்டாமவர்: நடுத்தரம், குறைவு, அதிகம். மூன்றாமவர் பொதுவாகப் பிள்ளையைத் தனியார் பள்ளியில் சேர்ப்பவர். அரசுப் பள்ளி மிக நன்றாக இருந்தால் மட்டும் மாறுவார். அதனால் அவருக்குக் குறைவு, அதிகம், நடுத்தரம். இப்போது அதிகம் நடுத்தரத்தை வெல்லும், நடுத்தரம் குறைவை வெல்லும், குறைவு அதிகத்தை வெல்லும். சுற்றிக்கொண்டே இருக்கும், வெற்றியாளரே கிடையாது. வாக்கெடுப்பின் வரிசையை யார் தீர்மானிக்கிறாரோ, முடிவும் அவர் கையில்.

அப்புறம், இடைநிலை என்றால் சராசரி என்று பலர் நினைக்கிறார்கள். ஏசி கணக்கில் சராசரி 23. 22-ஐ எதிர்த்து நின்றால் அது 3-2 என்று தோற்கும்.