மூலதன மானியம் வந்தால் தேய்மானத்தை எந்தத் தொகையில் கணக்கிடுவது? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

தொழில் தொடங்குபவர்களுக்கு அரசு தரும் மூலதன மானியம் குறித்து வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறேன். பதில்கள் 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் பிரிவு எண்களைக் கொண்டு எழுதப்பட்டுள்ளன. 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வரும் 2025-ஆம் ஆண்டுச் சட்டத்தில் எண்கள் மாறினாலும், இந்த விஷயத்தில் அடிப்படை விதி தொடர்கிறது.

கேள்வி: எங்கள் கூட்டாண்மை நிறுவனம் ஜிஎஸ்டி நீங்கலாக 40 லட்சம் ரூபாய்க்கு சிஎன்சி இயந்திரம் வாங்கியது. தமிழக அரசின் 25 சதவீத மூலதன மானியமாக 10 லட்சம் கிடைக்கிறது. விற்பனையாளருக்கு முழுத் தொகையையும் நாங்களே கொடுத்திருக்கும்போது, தேய்மானத்தை 40 லட்சத்தின் மீது கணக்கிடக் கூடாதா? (கோவை)

கூடாது, 30 லட்சத்தின் மீதுதான் கணக்கிட வேண்டும். ஒரு சொத்தின் விலையில் ஒரு பகுதியை மத்திய அரசோ மாநில அரசோ மானியமாகவோ ஈடுசெய்யும் தொகையாகவோ நேரடியாகவோ மறைமுகமாகவோ ஏற்றுக்கொண்டால், அந்தப் பகுதி சொத்தின் உண்மையான அடக்க விலையில் சேராது என்று பிரிவு 43(1)-இன் 10-ஆவது விளக்கம் சொல்கிறது. விற்பனையாளருக்கு யார் பணம் கொடுத்தார் என்பது இங்கே பொருட்டல்ல.

உங்கள் கேள்விக்கு ஒரு பழைய நியாயம் உண்டு. தொழிலை ஊக்குவிக்கத் தரும் மானியம் இயந்திரத்தின் விலையை ஈடுசெய்வதற்கானது அல்ல, எனவே அதை அடக்க விலையிலிருந்து கழிக்க வேண்டியதில்லை என்று பி.ஜே. கெமிக்கல்ஸ் வழக்கில் 1994-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதற்குப் பிறகு 1998-ஆம் ஆண்டு நிதிச் சட்டத்தின் வழியாக நாடாளுமன்றம் இந்த விளக்கத்தைச் சேர்த்தது. பழைய தீர்ப்பை மட்டும் படித்துவிட்டு முழு விலைக்கும் தேய்மானம் கோருபவர்களை இன்றும் பார்க்க முடிகிறது.

இயந்திரங்களுக்கான 15 சதவீத விகிதத்தில், முதல் ஆண்டில் 6 லட்சத்துக்குப் பதில் 4.5 லட்சம்தான் தேய்மானம் கிடைக்கும். இயந்திரம் அந்த நிதியாண்டில் 180 நாட்களுக்குக் குறைவாகப் பயன்பட்டிருந்தால் இதிலும் பாதிதான்.

கேள்வி: அப்படியானால் இந்த மானியத்தால் எங்களுக்கு உண்மையில் எவ்வளவு மிஞ்சும்? (அதே வாசகர்)

தேய்மான அடிப்படை 10 லட்சம் குறைவதால், இயந்திரத்தின் ஆயுள் முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் 10 லட்சம் அளவுக்குத் தேய்மானக் கழிவை இழக்கிறீர்கள். 30 சதவீத வரியில் (செஸ் தனி) இது 3 லட்சம். ஆனால் அந்த 3 லட்சத்தை ஒரே நாளில் கட்டப் போவதில்லை. ஆண்டுக்கு 15 சதவீதமாகத் தேய்ந்துகொண்டே போகும் தொகையாதலால் சுமை பல ஆண்டுகளில் பரவுகிறது. பிறகு கட்டும் பணத்தின் மதிப்பை ஆண்டுக்கு 10 சதவீத விகிதத்தில் குறைத்துப் பார்த்தால், அதன் இன்றைய மதிப்பு ஏறத்தாழ 1.8 லட்சம்தான். ஆக, முதல் ஆண்டிலேயே மானியம் கைக்கு வந்தால், அதன் நிகரப் பலன் சுமார் 8.2 லட்சம் என்று கொள்ளலாம். வரியே இல்லாத பணம் என்று இதைச் சிலர் நினைக்கிறார்கள். வரி உண்டு, ஆனால் தவணையில் வருகிறது.

2015-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் சேர்ந்த பிரிவு 2(24)(xviii), அரசு மானியத்தை வருமானமாகக் கருதுகிறது. ஆனால் சொத்தின் அடக்க விலையில் ஏற்கெனவே கழித்த மானியத்துக்கு அதிலேயே விலக்கு உண்டு. எனவே அடிப்படையையும் குறைத்து, அதே 10 லட்சத்தை வருமானத்திலும் காட்டினால் ஒரே தொகைக்கு இரண்டு முறை வரி கட்டியதாகும். உங்கள் ரிட்டர்னில் தேய்மான அட்டவணையையும் ‘இதர வருமானம்’ தலைப்பையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டிலும் அந்தத் தொகை தெரிந்தால் ஆடிட்டரிடம் கேளுங்கள்.

கேள்வி: 2024 ஜூனில் 40 லட்சத்துக்கு வாங்கிய இயந்திரத்துக்கான 10 லட்சம் மானியம் 2025 ஆகஸ்டில்தான் வந்தது. முதல் ஆண்டில் முழு விலைக்கும் தேய்மானம் எடுத்துவிட்டோம். இப்போது பழைய ரிட்டர்னைத் திருத்த வேண்டுமா? (திருப்பூர்)

மானியம் கிடைக்கும் என்ற நியாயமான உறுதி 2025 மார்ச் 31-க்குள் இல்லையென்றால் திருத்த வேண்டியதில்லை. வரிக்குரிய வருமானத்தைக் கணக்கிட மத்திய அரசு அறிவித்த விதிகளில் ஒன்றான வருமானக் கணக்கீட்டுத் தரநிலை 7 இதற்கு வழி சொல்கிறது: மானியத்தைச் சொத்தின் அடக்க விலையிலிருந்தோ, அந்தச் சொத்து அடங்கிய தொகுதியின், அதாவது ஒரே தேய்மான விகிதம் கொண்ட ஒரே வகைச் சொத்துகளின், தேய்மானம் போக மீதி மதிப்பிலிருந்தோ கழிக்கலாம். உங்கள் தொகுதியில் இந்த ஓர் இயந்திரம்தான் இருப்பதாக வைத்துக்கொண்டால், முதல் ஆண்டில் 6 லட்சம் தேய்மானம் போக 34 லட்சம் மீதி. இரண்டாம் ஆண்டில் மானியம் 10 லட்சத்தைக் கழித்தால் 24 லட்சம். அதில் 15 சதவீதம் 3.6 லட்சம். கவனிக்க வேண்டியது என்னவென்றால், மானியத்தை முழுதாகத்தான் கழிக்க வேண்டும். முதல் ஆண்டுத் தேய்மானத்தின் விகிதத்துக்கு அதைக் குறைத்து 8.5 லட்சம் மட்டும் கழிப்பது சரியல்ல.

சிக்கல் எழுவது, மானியத்துக்கான அனுமதி ஆணை மார்ச்சுக்கு முன்பே வந்து, பணம் மட்டும் பிறகு வரும்போதுதான். நிபந்தனைகளை நிறைவேற்றி, பணம் வரும் என்ற நியாயமான உறுதியும் கிடைத்துவிட்டால், அந்த ஆண்டிலேயே கழிக்க வேண்டும் என்பதே தரநிலையின் போக்கு. பணம் உண்மையில் வந்த நாளைத் தாண்டி எக்காரணத்துக்காகவும் தள்ளிப்போட முடியாது. ஆணையின் தேதியையும் அதிலுள்ள நிபந்தனைகளையும் கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள். அதிகாரி முதலில் கேட்பது அதைத்தான்.

கேள்வி: மானியம் உண்டென்பதால் இயந்திரம் வாங்கும்போது கையிலிருந்து போடும் பணம் குறையுமா? (மதுரை)

திட்டத்தைப் பொறுத்தது. மாநில அரசின் மூலதன மானியத்துக்கு உற்பத்தி தொடங்கிய பிறகே விண்ணப்பிக்க முடியும் என்பதால், தொடக்கத்தில் முழு விலைக்கும் சொந்தப் பணமோ கடனோ தயாராக இருக்க வேண்டும். பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டத்தில் மானியத் தொகை உங்கள் பெயரில் வங்கியில் 3 ஆண்டுகள் வைப்பாக நிறுத்தப்படும். அதற்கு வட்டி கிடையாது. கடனில் அதற்கு ஈடான பகுதிக்கு வங்கியும் வட்டி வாங்காது. கையில் பணம் வராவிட்டாலும் வட்டிச் சுமை அந்த அளவுக்குக் குறைகிறது. மானியம் வரும் மாதத்தை நம்பிக் கடன் தவணையைத் திட்டமிடாதீர்கள்.

கேள்வி: கட்டடம், இயந்திரம் எல்லாம் சேர்ந்த திட்ட மதிப்பில் இவ்வளவு சதவீதம் என்று மானியம் வந்தால் எதில் கழிப்பது? (சேலம்)

எந்தெந்தச் சொத்துகளைக் கணக்கில் கொண்டு மானியம் தரப்பட்டதோ, அவற்றின் விலை விகிதத்தில் பிரிக்க வேண்டும். கட்டடம் 30 லட்சம், இயந்திரம் 50 லட்சம் என 80 லட்சத்துக்கு 20 லட்சம் மானியம் என்றால் கட்டடத்தில் 7.5 லட்சம், இயந்திரத்தில் 12.5 லட்சம் கழியும். கட்டடத்துக்குத் தேய்மானம் 10 சதவீதம்தான் என்பதால், இழப்பைத் தள்ளிப்போட மொத்தத்தையும் கட்டடத்திலேயே கழிக்கும் யோசனை சிலருக்கு வருவதுண்டு. அதற்குச் சட்டத்தில் இடமில்லை. நிலமும் கணக்கில் சேர்ந்திருந்தால், அதற்குத் தேய்மானமே இல்லாததால் அந்தப் பங்கைத் தனியாக ஆராய வேண்டும்.

கேள்வி: எங்கள் கணக்கர் மானியத்தை மூலதன இருப்பில் சேர்த்துவிட்டார். தவறா? (ஈரோடு)

ஏட்டுக் கணக்கில் அது சில சூழல்களில் சரியாகவே இருக்கலாம். கணக்குத் தரநிலை 12, தொழில்முனைவோர் பங்களிப்பின் இயல்புடைய மானியத்தை மூலதன இருப்பில் வைக்க அனுமதிக்கிறது; குறிப்பிட்ட சொத்துக்கான மானியம் என்றால் சொத்தின் விலையில் கழிக்கலாம், அல்லது ஒத்திவைத்த வருமானமாகக் காட்டி ஆண்டுதோறும் பிரித்துக்கொள்ளலாம். வரிக் கணக்கு இந்தத் தெரிவுக்குக் கட்டுப்பட்டதல்ல. அதற்கான தேய்மான அட்டவணையில் மானியம் கழிந்திருக்கிறதா என்பதை மட்டும் பாருங்கள்.

கேள்வி: நிபந்தனையை மீறியதாகச் சொல்லி மானியத்தைத் திரும்பக் கேட்கிறார்கள். இழந்த தேய்மானம் கிடைக்குமா? (கரூர்)

திருப்பிச் செலுத்தும் தொகையை அடக்க விலையுடனோ தொகுதியின் மீதி மதிப்புடனோ கூட்டி, அன்றிலிருந்து வழக்கமான விகிதத்தில் தேய்மானம் எடுக்கலாம். கடந்த ஆண்டுகளில் குறைவாக எடுத்ததைப் பின்னோக்கிக் கோர முடியாது. அபராத வட்டி விதிக்கப்பட்டால் அதை இந்தத் தொகையுடன் கலக்காமல், பிரித்துக் காட்டும் கேட்பு ஆணையாகவே அலுவலகத்திடம் எழுதி வாங்குங்கள்.