கை நடுக்கமும் படபடப்பும்: மருந்தாலா, பதற்றத்தாலா?

கேள்வி: மூச்சிரைப்புக்காக நான்கு நாள்களாகச் சால்பியூட்டமால் இன்ஹேலரும் இரவில் ப்ரெட்னிசலோன் மாத்திரையும் எடுத்துக்கொள்கிறேன். மூக்கடைப்புக்கு நானே வாங்கிய சளி மாத்திரையையும் போடுகிறேன். கை நடுங்குகிறது, நெஞ்சு படபடக்கிறது, தூக்கமே இல்லை. இது பதற்ற நோயா? இன்ஹேலரை நிறுத்திவிடலாமா?

பதில்: மூச்சிரைப்பு இருக்கும்வரை இன்ஹேலரை நிறுத்தாதீர்கள். மூன்று மருந்துகளுமே படபடப்பைத் தரக்கூடியவைதான். ஆனால் ஒவ்வொன்றும் வெவ்வேறு நேரத்தில், வெவ்வேறு விதமாகத் தருவதால், பெரும்பாலும் கடிகாரத்தை வைத்தே அவற்றைப் பிரித்தறிந்துவிடலாம்.

சால்பியூட்டமால், அட்ரினலின் தூண்டும் இடங்களையே தூண்டித்தான் மூச்சுக்குழாயைத் தளர்த்துகிறது. அதே இடங்கள் கைத்தசைகளிலும் இதயத்திலும் இருப்பதால், உறிஞ்சிய சில நிமிடங்களில் விரல்களில் மெல்லிய நடுக்கமும் நாடித்துடிப்பில் வேகமும் வரலாம். மருந்தின் வேகம் தணியத் தணிய இவையும் தணியும். இரண்டு கைகளையும் நீட்டி, விரல்களின் மேல் ஒரு தாளை வைத்தால் அந்த நடுக்கம் கண்ணுக்குத் தெரியும். மனம் அமைதியாக இருக்கும்போதும் கை நடுங்குவது இதன் முக்கிய அடையாளம். ஒரு உறிஞ்சலில் 100 மைக்ரோகிராம் மருந்துதான் இருக்கிறது. நெபுலைசரில் ஒரு தடவைக்கு வழக்கமாக வைக்கும் அளவோ 2.5 மில்லிகிராம். நெபுலைசர் வைத்துக்கொண்ட பிறகு நடுக்கம் கூடுதலாகத் தெரிவது அதனால்தான். வாயிலும் தொண்டையிலும் படிந்து விழுங்கப்படும் மருந்து நுரையீரலுக்குப் பயன்படாமல் நடுக்கத்துக்கு மட்டும் துணைபோகிறது. இன்ஹேலரின் வாயில் பொருத்தும் ஸ்பேசர் என்ற குழலை வைத்து உறிஞ்சினால் அந்தப் பங்கு குறையும்.

சளி மாத்திரையின் அட்டையைத் திருப்பிப் பாருங்கள். சூடோஎஃபெட்ரின் அல்லது ஃபினைலெஃப்ரின் என்று இருந்தால், அது இரத்தக் குழாய்களைச் சுருக்கி மூக்கடைப்பை நீக்குவதற்காகச் சேர்க்கும் மருந்து. சிலவற்றில் காஃபீனும் சேர்ந்திருக்கும். சூடோஎஃபெட்ரின் விழுங்கிய அரைமணி நேரத்தில் தொடங்கிச் சில மணி நேரம் உடலை விழிப்பிலேயே வைத்திருக்கும். மூன்றில் கைவிட எளிதானது இந்த மாத்திரைதான் என்பதால், முதலில் இதை நிறுத்திப் பாருங்கள். மூக்கடைப்புக்கு உப்புநீர்ச் சொட்டு மருந்து போதும்.

ஸ்டீராய்டு மருந்தான ப்ரெட்னிசலோனின் விளைவு இப்படி மணிக்கணக்கில் ஏறி இறங்குவதில்லை. நாள் முழுவதும் ஒரு பரபரப்பு, எரிச்சல், அடங்காத எண்ண ஓட்டம், தூக்கமின்மை என்று முதல் சில நாள்களிலேயே தலைகாட்டலாம். இரவில் போடுவதால் உங்கள் தூக்கம் கெடுவதற்கு வாய்ப்பு அதிகம்; காலை உணவுக்குப் பின் ஒரே வேளையாக எடுக்கலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். நீங்களாக நிறுத்தக் கூடாது. சில வாரங்களுக்கு மேல் எடுத்தவர்கள் திடீரென நிறுத்துவது ஆபத்தும்கூட.

இனி பதற்றம். ஒரு நோயாளியின் குறிப்பேடு இப்படி இருந்தது: காலை 7 மணிக்கு இரண்டு உறிஞ்சல், 7.10-க்கு நடுக்கம், 9 மணிக்கு இல்லை. மாலை 4 மணிக்கு, மருந்து எதுவும் எடுக்காமல் ஒன்பது மணி நேரம் ஆன நிலையில், “ஏதோ ஆகப்போகிறது” என்ற பயம், நெஞ்சு இறுக்கம், உதட்டைச் சுற்றிலும் விரல் நுனிகளிலும் மதமதப்பு. மூச்சை வெளியே ஊதும் வேகத்தை அளக்கும் பீக் ஃப்ளோ மீட்டரில் ஊதியபோது அவருடைய வழக்கமான அளவே காட்டியது. வீசிங் ஒலியும் இல்லை. முதலாவது மருந்தின் வேலை; இரண்டாவது, பயத்தில் வேகமாக மூச்சுவிட்டதால் வந்தது. ஆனால் அவர் அதை ஆஸ்துமா என்று நினைத்து நான்கு முறை உறிஞ்சிவிட்டார். அந்த நடுக்கம் பயத்தை மேலும் வளர்த்தது. இந்தச் சுழல்தான் இரண்டையும் பிரிக்க முடியாதபடி குழப்பிவிடுகிறது. நீங்களும் மூன்று நாள்களுக்கு மருந்து எடுத்த நேரம், தொந்தரவு தொடங்கிய நேரம், அடங்கிய நேரம், அப்போது மனத்தில் ஓடிய எண்ணம் ஆகிய நான்கையும் குறித்து வையுங்கள். ஆனால் மூச்சுத்திணறல் எதனால் என்று சந்தேகம் வந்தால், அதை ஆஸ்துமாவாகவே கருதி உங்கள் மருத்துவர் சொன்ன அளவில் இன்ஹேலரை எடுங்கள். தவறிப்போனால் கிடைப்பது சிறிது நடுக்கம் மட்டுமே.

ஒரு வாக்கியத்தை ஒரே மூச்சில் பேசி முடிக்க இயலாமை, இன்ஹேலரின் பலன் நான்கு மணி நேரம்கூட நிற்காமை, நெஞ்சுவலி, மயக்கம், தாறுமாறான இதயத்துடிப்பு ஆகியவற்றில் எது இருந்தாலும் குறிப்பேட்டை ஒதுக்கிவிட்டு உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். ப்ரெட்னிசலோன் எடுக்கும்போது சிறிதும் தூங்காமல் அளவுகடந்த உற்சாகம் வந்தாலோ, இல்லாத குரல்கள் கேட்டாலோ, உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் தலைதூக்கினாலோ அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். அந்நேரத்தில் வீட்டிலுள்ள ஒருவர் உடன் இருக்கட்டும்.