ஆளுக்கொரு எண்ணெய், ஒரே சாப்பாட்டு மேசை

கேள்வி: நான் தமிழ், கணவர் வேறு மொழிக்காரர். சாப்பாட்டிலும் பேச்சிலும் தினமும் யாராவது ஒருவர் விட்டுக்கொடுத்தால்தான் வீடு ஓடுகிறது. இப்படி இல்லாமல் இருக்க முடியுமா?

பதில்: எனக்குத் தூத்துக்குடி, என் கணவருக்குக் கொல்கத்தா பக்கம். கல்யாணம் ஆகி ஒன்பது வருடம், இருப்பது புனேயில். இரண்டு பேரும் சோறும் மீனுமாக வளர்ந்தவர்கள், அதனால் சாப்பாட்டில் பிரச்சினையே வராது என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். ஆனால் முதல் சண்டையே மீனில்தான். அவருக்கு மீன் என்றால் ஆற்று மீன்தான்: ரோகு, கட்லா, மழைக்காலத்தில் இலிஷ். கடல் மீன் கவிச்சி அடிக்கிறது என்பார். எனக்கு ரோகுவை வாயில் வைத்தால் சேற்று வாடை. அவர் வீட்டில் கடுகெண்ணெய், எங்கள் வீட்டில் நல்லெண்ணெய்.

நாங்கள் செய்த பெரிய தவறு, இருவருக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று சூரியகாந்தி எண்ணெய்க்கு மாறியது. இரண்டு வருடம் அதில்தான் சமைத்தோம். சண்டை நின்றது, ஆனால் அவர் ஊர் மீன் குழம்பான ஜோலும் ருசிக்கவில்லை, என் குழம்பும் ருசிக்கவில்லை. ஒருவர் விட்டுக்கொடுத்திருந்தால்கூட மற்றவராவது நன்றாகச் சாப்பிட்டிருப்பார்.

அப்புறம்தான் ஒரே குழம்பில் இரண்டு ஊரையும் சேர்க்கிற வேலையை விட்டோம். அவரவர் பதார்த்தம் அவரவர் எண்ணெயில், அவரவர் சட்டியில், முழுசாக அந்த ஊர் முறையில். கடுகெண்ணெயின் காரநெடி எனக்குத் தாங்காது என்று நினைத்திருந்தேன், ஆனால் நான் சமைத்த விதம்தான் தப்பு. எண்ணெய் லேசாகப் புகைந்து நிறம் வெளுக்கும் வரை காயவிட்டு, பிறகு தீயைக் குறைத்து மீனைப் போட்டால் பச்சை நெடி போய்விடுகிறது. கடுகு அரைக்கும்போது ஊறவைத்து, பச்சை மிளகாயும் உப்பும் சேர்த்து அரைத்தால் கசப்பு அடங்கும். இது மாமியார் போனில் சொல்லிக்கொடுத்தது. கணவரும் புளி கரைக்கவும் தேங்காய் அரைக்கவும் என் அம்மாவிடம்தான் கற்றுக்கொண்டார். அவரவர் சமையலை மற்றவரும் சமைக்கத் தெரிந்துகொண்டது எங்களுக்கு ரொம்ப உதவியது, ஏனென்றால் பிடிக்காத சாப்பாடு என்று ஒதுக்குகிற பாதி விஷயம் சரியாகச் சமைக்காத சாப்பாடுதான்.

சேர்ப்பது என்றால் சாப்பிடும் வரிசையில் சேர்க்கலாம். வங்காளிச் சாப்பாடு கசப்பில் தொடங்கி பருப்பு, காய், மீன் என்று ஒவ்வொன்றாகச் சோற்றோடு போகும். நம்முடையதும் குழம்பு, ரசம், மோர் என்று வரிசையாகத்தான். போதாததற்கு இரண்டு ஊரிலும் புழுங்கலரிசிதான். இப்போது எங்கள் ஞாயிற்றுக்கிழமை மதியம் பாகற்காய் வறுவல், பருப்பு, ஏதாவது ஒரு மீன், அப்புறம் ரசம், கடைசியில் அவருடைய இனிப்புத் தக்காளிச் சட்னி, தயிர். இந்த வரிசை அவர் வீட்டிலும் இல்லை, என் வீட்டிலும் இல்லை. பருப்பில் அவர் சர்க்கரை போடுவார், எனக்கு ஆகாது, அதனால் சர்க்கரை போடுவதற்கு முன்னால் எனக்கு ஒரு கிண்ணம் எடுத்துவைத்துவிடுவார்.

மொழியிலும் இதே கதைதான். பொதுவாக இருக்கட்டும் என்று நாங்கள் இந்தியும் ஆங்கிலமுமாகப் பேசிக்கொண்டிருந்தோம். மகள் பிறந்தபின் நான் அவளிடம் தமிழ், அவர் வங்காளம் என்று பிரித்தும், இரண்டரை வயதில் அவள் இந்தியில்தான் கேள்வி கேட்டாள், ஏனென்றால் அப்பாவும் அம்மாவும் பேசிக்கொள்வது அதில்தானே. அன்றிலிருந்து சாப்பாட்டு மேசையில் மட்டும் நான் அவரிடம் தமிழிலேயே பேசுவது, அவர் வங்காளத்திலேயே பதில் சொல்வது என்று வைத்தோம். மற்றவர் மொழியைப் பேசவேண்டியதில்லை, புரிந்துகொண்டால் போதும். முதல் சில மாதம் சாப்பாடு ஆறிப்போகிற அளவுக்கு மெதுவாகப் பேசினோம். உப்பு, காரம், போதும், இன்னும் கொஞ்சம் போன்ற சொற்கள் முதலில் வந்தன, ஒரு வருடத்தில் அலுவலகக் கதை வரைக்கும் புரிந்தது. வங்காளத்தில் தண்ணீரையும் சாப்பிடத்தான் செய்வார்கள், அதனால் மகள் என்னிடம் "அம்மா, தண்ணி சாப்பிடணும்" என்பாள். நான் திருத்துவதில்லை, "தண்ணி குடிக்கணுமா, இந்தா" என்று கொடுத்துவிடுவேன்.

தீராததும் இருக்கிறது. கருவாட்டு வாடையை அவரால் தாங்க முடியவில்லை, நானும் கருவாடு இல்லாமல் இருக்கமாட்டேன். மாதம் இரண்டு சனிக்கிழமை காலையில் அவர் மகளைக் கூட்டிக்கொண்டு காய்கறிச் சந்தைக்குப் போவார், திரும்பி வருவதற்குள் நான் ஜன்னல்களைத் திறந்துவைத்து, பொரித்து, சாப்பிட்டு, சட்டியைக் கழுவிவிடுவேன். போன மாதம் மகள் சந்தைக்குப் போகாமல் என்னோடு இருந்து இரண்டு துண்டு கேட்டு வாங்கித் தின்றாள்.