எல்லாப் பத்தியும் நல்லாத்தான் இருக்கு, ஆனால் கவிதை ஏன் நகரவில்லை?

“அம்மம்மா வீடு பற்றி ஆறு பத்தி எழுதினேன், நடுவில் அலுக்குது என்கிறார்கள். எதை வெட்டுவது?”

ஒவ்வொரு பத்திக்குப் பக்கத்திலும் அது என்ன சொல்கிறது என்றில்லாமல், என்ன செய்கிறது என்று ஒரே வினைச்சொல்லில் எழுதுங்கள்: காட்டுகிறது, கேட்கிறது, மறுக்கிறது. உங்கள் இரண்டாம் பத்தியில் கிணற்றுத் துலா, மூன்றில் பனையோலை வேலி, நான்கில் திண்ணை என்று வைத்துக்கொள்வோம். பொருள்தான் வேறு, மூன்றும் ஒன்றைக் காட்டி ‘இப்போது இல்லை’ என்று முடிகின்றன, அதனால் மூன்றாம் பத்தியிலேயே வாசகர் அடுத்ததன் முடிவை ஊகித்துவிடுவார். கலியாண வீட்டில் மூன்று பேர் தண்ணீர் அள்ள, அடுப்பு மூட்ட ஆளில்லாத மாதிரி. நானென்றால் துலாவை மட்டும் வைப்பேன், அதில் அம்மம்மாவின் கை அசைகிறது.

அதற்காகத் திரும்ப வரும் அடியெல்லாம் குற்றமென்று நினைக்க வேண்டாம். பல்லவி போல வந்து, ஒவ்வொரு முறையும் வேறு பொருள் தந்தால் அது வேலை செய்கிறது.