பிள்ளை சப்பும்போது அடிவயிறு ஏன் வலிக்கிறது, பால் எப்போது இறங்கும்?

கேள்வி: டாக்டர், நான் அம்பாசமுத்திரம் பக்கம். செவ்வாய்க்கிழமை காலையில 6 மணிக்கு இரண்டாவது பிள்ளை பிறந்துச்சு. சுகப்பிரசவம், பையன், 3 கிலோ. இன்னைக்குப் புதன் ராத்திரி. இன்னும் பால் இறங்கல, மஞ்சளா சொட்டுச் சொட்டாத்தான் வருது. பிள்ளை சப்ப ஆரம்பிச்சதும் அடிவயிறு பேறுகால வலி மாதிரியே சுருட்டிப் பிடிக்கு, ரத்தமும் கொஞ்சம் கூடுது. மூத்தவளுக்கு இப்படி வலிக்கல. உள்ள நஞ்சுக்கொடி ஏதும் தங்கிருச்சோன்னு பயமா இருக்கு. ஆச்சி சீனித்தண்ணி கொடுக்கச் சொல்றாங்க, அத்தை பவுடர் பாலே வாங்கிட்டு வந்துட்டாங்க. என்ன செய்ய?

பதில்: முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பிள்ளை சப்பும்போது மட்டும் வந்து, சப்பி முடித்த கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடுகிற வலி என்றால், அது கர்ப்பப்பை நன்றாக வேலை செய்கிறது என்பதற்கான அடையாளம். சீனித்தண்ணீர் வேண்டாம். பவுடர் பால் டப்பாவையும் இப்போதைக்குத் திறக்க வேண்டாம். நஞ்சு தங்கியிருந்தால் அதற்கு வேறு அடையாளங்கள் உண்டு, அவற்றைப் பிறகு சொல்கிறேன்.

வலியிலிருந்தே தொடங்குவோம். பிள்ளை காம்பைச் சப்பியதும் அங்குள்ள நரம்புகள் வழியாகச் செய்தி மூளைக்குப் போகிறது. மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து ஆக்ஸிடோசின் என்ற ஹார்மோன் விட்டு விட்டு ரத்தத்தில் கலக்கிறது. அந்த ஒரே ஹார்மோன் இரண்டு இடங்களில் வேலை செய்கிறது. மார்பில் பால் சுரக்கும் நுண்ணறைகளைச் சுற்றியிருக்கும் சிறு தசைகளை இறுக்கிப் பாலை முன்னே தள்ளுகிறது. கர்ப்பப்பையில் தசையைச் சுருங்க வைக்கிறது. செவ்வாய் காலையில் உங்களுக்குப் பிள்ளையை வெளியே தள்ளியதும் இதே ஹார்மோன்தான். பிள்ளையின் தலை கர்ப்பப்பை வாயை அழுத்தி விரிக்க விரிக்க ஆக்ஸிடோசின் கூடும், அது கூடக் கூட வலி வலுக்கும். பிள்ளை பிறந்ததும் தொடையில் ஒரு ஊசி போட்டிருப்பார்களே, பெரும்பாலும் அதிலும் ஆக்ஸிடோசின்தான் இருக்கும்.

பிறந்த பிறகும் கர்ப்பப்பை ஏன் சுருங்க வேண்டும்? நிறைமாதத்தில் நிமிடத்துக்கு அரை லிட்டருக்கும் மேல் ரத்தம் கர்ப்பப்பைக்குப் போய்க்கொண்டிருக்கும். நஞ்சு பிரிந்து வந்ததும் அது ஒட்டியிருந்த இடத்தில் ரத்தக்குழாய்கள் வாய்திறந்து நிற்கும். அவற்றை அடைப்பது, குறுக்கும் நெடுக்குமாக ஓடும் கர்ப்பப்பைத் தசைதான். அது இறுகினால் குழாய்கள் நசுங்கி ரத்தம் நிற்கும். முதல் பேற்றுக்குப் பிறகு கர்ப்பப்பை பெரும்பாலும் ஒரேயடியாக இறுகியே இருக்கும், அதனால் வலி அவ்வளவாகத் தெரியாது. அடுத்தடுத்த பேறுகளில் தசை தளர்ந்து தளர்ந்து மறுபடி இறுகும். ஒவ்வொரு இறுக்கமும் வலியாகத் தெரியும். மூத்தவளுக்கு இல்லாத வலி இப்போது வருவது இதனால்தான். உள்ளே தேங்கி நின்ற ரத்தத்தை அந்த இறுக்கம் பிழிந்து தள்ளுவதால் அந்த நேரத்தில் போக்கு கொஞ்சம் கூடவும் செய்யும். பெரும்பாலும் மூன்று நான்கு நாளில் வலி குறைந்துவிடும்.

ஆஸ்பத்திரியில் கொடுத்த பாராசிட்டமால் மாத்திரை இருந்தால், பால் கொடுப்பதற்கு அரைமணி நேரம் முன்னால் போட்டுக்கொள்ளுங்கள், பிள்ளைக்கு ஒன்றும் செய்யாது. சிறுநீர் கழித்துவிட்டுப் பால் கொடுக்க உட்காருங்கள். நிறைந்த சிறுநீர்ப்பை கர்ப்பப்பையை மேலே தூக்கிவிடும், அது சரியாக இறுகாது, வலியும் போக்கும் கூடும். வலிக்கிறதே என்று பால் கொடுப்பதை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.

இனி பாலுக்கு வருவோம். உங்கள் மார்பில் பால் ஏற்கெனவே தயாராகிவிட்டது. கர்ப்பத்தின் பாதியிலேயே சீம்பால் ஊறத் தொடங்கிவிடும். பாலைச் சுரக்கச் சொல்கிற புரோலாக்டின் ஹார்மோனும், நஞ்சு அனுப்பும் ஈஸ்ட்ரோஜனின் தூண்டுதலால் நிறைமாதத்தில் பத்து மடங்குக்கு ஏறி நிற்கும். அப்படியிருந்தும் பால் பெருகாமல் இருக்கக் காரணம் நஞ்சேதான். கர்ப்பத்தின் மூன்றாம் மாதம் தொடங்கும் முன்பிருந்தே புரொஜெஸ்டிரோன் என்ற ஹார்மோனைச் சுரக்கும் வேலையை நஞ்சு ஏற்றுக்கொள்கிறது. கடைசி மாதங்களில் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 250 மில்லிகிராம் சுரக்கும். இது கர்ப்பப்பையை அமைதியாக வைத்திருக்கும், மார்பில் பால் பெருகாமல் தடுத்தும் வைக்கும். பேறுகால வலி எடுக்கும்போதுகூட ரத்தத்தில் இதன் அளவு குறைவதில்லை. கர்ப்பப்பைத் தசைதான் அதன் பேச்சைக் கேட்பதை விட்டுவிடுகிறது. மார்பு அப்படியில்லை, நஞ்சு வெளியே விழுகிறவரை தடையிலேயே இருக்கும்.

நஞ்சு விழுந்த பிறகுதான் புரொஜெஸ்டிரோன் மளமளவென்று இறங்கும். அது போதுமான அளவு இறங்க ஒன்றிரண்டு நாள் ஆகும். அதனால்தான் பால் பெருகுவது பெரும்பாலானவர்களுக்கு 30 மணி நேரத்திலிருந்து 72 மணி நேரத்துக்குள். உங்கள் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். செவ்வாய் காலை 6 மணி என்றால், 30 மணி நேரம் முடிந்தது இன்று மதியம். 72 மணி நேரம் முடிவது வெள்ளிக்கிழமை காலை 6 மணிக்கு. நீங்கள் அந்த இடைவெளியின் நடுவில்தான் இருக்கிறீர்கள். மார்பு கனத்து, சூடாகி, அமுக்கினால் வெள்ளையாக வரத் தொடங்கும்போது தெரிந்துகொள்வீர்கள்.

அதுவரை பிள்ளைக்கு அந்த மஞ்சள் சொட்டுகள் போதுமா என்றால், போதும். இரண்டாம் நாள் பிள்ளை ஒரு தடவைக்குக் குடிப்பதே 5 முதல் 15 மில்லிதான், அதாவது ஒரு தேக்கரண்டியிலிருந்து மூன்று தேக்கரண்டி. அந்தச் சீம்பாலில் நோயை எதிர்க்கும் சத்து செறிந்திருக்கும். ஆச்சியிடம் பதமாகச் சொல்லுங்கள், அவர்கள் அக்கறையில்தான் சொல்கிறார்கள். ஆனால் சேனை தொட்டு வைப்பதும் சீனித்தண்ணீரும் பிள்ளையின் பசியை அடக்கிச் சப்புகிற வேகத்தைக் குறைத்துவிடும், கிருமியும் சேரலாம். தேன் ஒரு வயது வரைக்கும் கூடாது. கழுதைப்பால் வேண்டவே வேண்டாம்.

ஒரு விஷயத்தை வீட்டில் எல்லோரும் தெரிந்துகொண்டால் நல்லது. பால் சுரப்பது வேறு, பால் இறங்குவது வேறு. பாபநாசம் அணையில் தண்ணீர் நிறைந்திருந்தாலும் மதகைத் திறந்தால்தான் கால்வாயில் ஓடும், இல்லையா? புரோலாக்டின் நிரப்புகிறது, ஆக்ஸிடோசின் திறந்துவிடுகிறது. பிள்ளை சப்புவதை உற்றுப் பார்த்தால் திறக்கிற நேரம் கண்ணுக்கே தெரியும். முதலில் வேகமாக, மேலோட்டமாகச் சப்பும், விழுங்குகிற சத்தம் இருக்காது. ஒரு நிமிடம் போல ஆனதும் மார்பில் ஊசி குத்துவது மாதிரி ஒரு சுருக்கு வரும், சிலருக்கு மறு மார்பிலும் சொட்டும், சிலருக்குத் திடீரென்று தாகம் எடுக்கும். அப்போது பிள்ளையின் தாடை மெதுவாக, ஆழமாக அசையும், சப்பி ஒரு மடக்கு, சப்பி ஒரு மடக்கு என்று விழுங்கும். உங்களுக்கு அடிவயிறு சுருட்டிப் பிடிப்பதும் சரியாக அந்த நேரத்தில்தான். அந்த வலியே ஆக்ஸிடோசின் வந்துவிட்டது என்பதற்குச் சாட்சி.

பயமும் வலியும் பதற்றமும் இந்தத் திறப்பைத் தடுக்கும். கட்டிலைச் சுற்றி நாலு பேர் நின்று "பால் வருதா, வரலையா" என்று கேட்டுக்கொண்டே இருந்தால், இருக்கிற பாலும் இறங்கச் சிரமப்படும். அத்தையிடம் மூத்தவளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள், அதுதான் இப்போது பெரிய உதவி. பிள்ளையைச் சட்டையில்லாமல் உங்கள் நெஞ்சோடு சேர்த்துப் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு எட்டிலிருந்து பன்னிரண்டு தடவை கொடுங்கள். ராத்திரி கொடுப்பதை விட்டுவிடாதீர்கள், புரோலாக்டின் அப்போதுதான் கூடுதலாக இருக்கும். பிள்ளை சரியாகச் சப்பாமல் தூங்கினால், கையால் பிழிந்து பாலாடையில் எடுத்துக் கொடுங்கள். உளுந்தங்களியும் சுறாப்புட்டும் நன்றாகச் சாப்பிடுங்கள், உடம்புக்குத் தெம்பு. ஆனால் பாலைக் கூட்டுவது மார்பு காலியாவதுதான். எடுக்க எடுக்கத்தான் ஊறும். பேறுகாலத் தாய்க்குத் தண்ணீரைக் குறைக்கிற வழக்கம் உங்கள் வீட்டில் இருந்தால், இந்தத் தடவை விட்டுவிடுங்கள், தாகத்துக்குத் தாராளமாகக் குடியுங்கள்.

சரி, நஞ்சு தங்கிய பயத்துக்கு வருகிறேன். சிறு துண்டு தங்கினாலும் அது ஹார்மோன் சுரந்துகொண்டே இருக்கலாம், தடை விலகாமல் பால் தள்ளிப்போகலாம். என்னிடம் வந்த ஒரு தாய்க்கு ஐந்தாம் நாளிலும் மார்பு கனக்கவே இல்லை. பிள்ளை சப்பாத நேரத்திலும் கட்டி கட்டியாக ரத்தம் போனது. தொட்டுப் பார்த்தால் கர்ப்பப்பை தொப்புள் மட்டத்திலேயே, மெத்தென்று இருந்தது. ஸ்கேனில் துண்டு தெரிந்தது. எடுத்த பிறகு இரண்டு நாளில் பால் பெருகியது. உங்கள் கர்ப்பப்பை நாளுக்கு ஒரு விரல்கிடை அளவு கீழே இறங்கிக்கொண்டே வர வேண்டும், தொட்டால் கெட்டியாக உருண்டையாக இருக்க வேண்டும். ஊரில் உள்ள சுகாதார நர்ஸ் கையால் தொட்டே சொல்லிவிடுவார்.

ஒரு மணி நேரத்துக்குள் ஒரு பேடு முழுக்க நனைந்தாலோ, பெரிய கட்டிகளாக விழுந்தாலோ, தலை கிறுகிறுத்தாலோ 108-ஐக் கூப்பிட்டு அப்போதே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். காய்ச்சல், நாற்றமடிக்கிற போக்கு, சப்பாதபோதும் விடாத வலி இவை இருந்தாலும் அன்றே காட்ட வேண்டும்.

பிள்ளையின் பக்கம் எடையும் சிறுநீரும்தான் அளவுகோல். 3 கிலோ பிள்ளை முதல் சில நாளில் 200 கிராம் வரை குறைவது இயல்பு. 300 கிராம் குறைந்து 2.7 கிலோவுக்கு வந்தால் டாக்டர் பார்க்க வேண்டும். நாளை மூன்று தடவையாவது சிறுநீர் போக வேண்டும், ஐந்தாம் நாளிலிருந்து ஆறு தடவைக்குக் குறையக் கூடாது. கறுப்பு மலம் நாலைந்து நாளில் மஞ்சளாக மாறும். பிள்ளை எழுப்பினாலும் எழாமல் துவண்டு கிடந்தால் மட்டும் எதையும் எண்ணிக்கொண்டிருக்காமல் உடனே கொண்டுபோங்கள்.

வெள்ளிக்கிழமை காலை தாண்டியும் மார்பு கனக்கவில்லை என்றால், அன்றே பேறு பார்த்த ஆஸ்பத்திரிக்குப் போய், கர்ப்பப்பை ஸ்கேன் ஒன்று எடுக்கவும் பிள்ளையை எடை போடவும் கேளுங்கள். கர்ப்பத்தில் சர்க்கரை இருந்தது, ரத்தம் அதிகம் போனது என்றால் அதையும் சொல்லுங்கள், அவை இரண்டும் பாலைத் தாமதப்படுத்தும். பவுடர் பால் தேவையா, எவ்வளவு, எத்தனை நாளுக்கு என்பதை அந்த எடையைப் பார்த்து அவர்கள் முடிவு செய்வார்கள்.